பிளஸ் டூ வேதியியலுக்கு எது சரி: வாரத் தேர்வா, தினக் கேள்வியா, கலவைக் கேள்வியா?

அயனிச் சமநிலை பாடத்தில் தாங்கல் கரைசல் நடத்தி முடித்த வாரம் வகுப்பே ஹென்டர்சன் சமன்பாட்டில் கரை கண்டிருந்தது. பத்துக் கணக்கு கொடுத்தேன். கடைசி பெஞ்சு வரை பத்தும் சரி. மூன்று வாரம் கழித்து ஒரு ரிவிஷன் தேர்வில் ஒரு கணக்கு வைத்தேன். 100 mL 0.1 M HCl-உடன் 50 mL 0.1 M NaOH சேர்த்தால் pH என்ன? ஹாலில் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், HCl-க்கு pKa கொடுக்கலையே?" என்று கேட்டாள். தாளைத் திருத்தும்போதுதான் தெரிந்தது, பாதிக்கு மேற்பட்டவர்கள் அவளைப் போலவே pKa-வைத் தேடியிருக்கிறார்கள். அமிலமும் காரமும் ஒரே கேள்வியில் வந்துவிட்டால் ஹென்டர்சன் என்று அவர்கள் மனதில் பதிந்திருந்தது. HCl வலிமை மிகு அமிலம், அதன் உப்போடு சேர்ந்து அது தாங்கல் கரைசல் ஆகாது என்பதை அந்தப் பத்துக் கணக்குகளில் ஒன்றுகூட அவர்களைக் கேட்கவில்லை. பத்துமே ஒரே தலைப்பின் கீழ் இருந்தன. எந்தச் சமன்பாடு என்று யோசிக்கும் வேலையைத் தலைப்பே செய்து கொடுத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் வாரப் பாடவேளைக்குள் சோதனையை எப்படி வைப்பது என்பதை உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தேன். எங்கள் அட்டவணையில் வேதியியலுக்கு வாரம் ஏழு பீரியட், அதில் இரண்டு ஆய்வகத்துக்குப் போய்விடும். மிச்சம் ஐந்து. 15 பாடத்தையும் முடித்து, ஜனவரியில் ரிவிஷன் தொடங்கவும் வேண்டும். இந்த ஐந்துக்குள் என் முன்னால் இருந்தவை மூன்று வழிகள். மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் செய்து பார்த்திருக்கிறேன்.

முதல் வழி எல்லாப் பள்ளியிலும் நடப்பது: வெள்ளிக்கிழமை ஒரு பீரியட் முழுக்க 25 மார்க்குக்கு யூனிட் டெஸ்ட், அந்த வாரம் நடத்திய பாடத்திலிருந்து. இரண்டாவது, தினமும் பீரியட் தொடக்கத்தில் ஐந்து நிமிடம், நேற்று நடத்தியதிலிருந்து ஐந்து ஒரு மார்க் கேள்வி. மூன்றாவது, வாரத்தில் இரண்டு நாள் பன்னிரண்டு நிமிடம், ஐந்தே கேள்வி; ஒன்று மட்டும் இந்த வாரத்தது, மற்றவை மூன்று வாரம், இரண்டு மாதம் முன்பு நடத்தியவற்றிலிருந்து கலந்து, தலைப்பு போடாமல், மார்க் எங்கும் ஏறாமல்.

யூனிட் டெஸ்ட்டை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஐந்து மார்க் விடையை ஒன்றரைப் பக்கம் எழுதி முடிக்கும் பழக்கம் அதில்தான் வரும். பொதுத் தேர்வுத் தாளில் 70-க்கு 25 மார்க் அந்தப் பெரிய விடைகளுக்குத்தான். ஆனால் அதன் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பீரியட் போகிறது. ஐம்பது தாள், தாளுக்கு இரண்டரை நிமிடம் என்றாலும் திருத்த இரண்டு மணி நேரத்துக்கு மேல். தாள் திங்கள் அல்லது செவ்வாய்தான் கைக்குத் திரும்பும். அதற்குள் மாணவனுக்குத் தான் என்ன நினைத்து எழுதினோம் என்பதே மறந்திருக்கும். மார்க்கைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவான். இதையெல்லாம் விடப் பெரிய குறை, வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுக்கு வியாழன் இரவு படித்தால் போதும் என்பது. அந்த மார்க்கைப் பார்த்து பாடம் பதிந்துவிட்டது என்று ஆசிரியரும் நம்புகிறார், பிள்ளையும் நம்புகிறது.

இந்த நம்பிக்கை எப்படி ஏமாற்றும் என்பதை 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துக் காட்டினார்கள். ஒரு குழு ஒரு பத்தியை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு சுற்று படித்தவர்கள் 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ்: படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. வியாழன் இரவு படிப்பு முதல் கணக்கில் ஜெயிக்கும். பப்ளிக் தேர்வு இரண்டாவது கணக்கில்தான் நடக்கிறது.

தினக் கேள்வி வழி இதைவிட நல்லது என்றுதான் ஒரு வருடம் முழுக்க நம்பினேன். செலவு குறைவு, பிள்ளைகள் பழகிவிடுவார்கள், ஒரு மார்க் கேள்விகளுக்கு நேரடியாக உதவும். நடைமுறையில் ஐந்து நிமிடம் எட்டு நிமிடமானது. ஐந்து நாளுக்கு நாற்பது நிமிடம், யூனிட் டெஸ்ட்டுக்கு ஆகும் கிட்டத்தட்ட அதே நேரம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பிரச்சினை, நேற்று நடத்தியதை இன்று கேட்பதில் நினைவுக்குப் பெரிய வேலை இல்லை என்பதுதான். பாதி இன்னும் காதில் இருக்கிறது. கொஞ்சம் மறந்த பிறகு முயன்று மீட்கும்போதுதான் பிடிப்பு வருகிறது. எத்தனை நாள் விட்டுக் கேட்பது நல்லது என்பதை செபேடாவும் உடன் பணியாற்றியவர்களும் 2008-ல் சோதித்தார்கள். கடைசித் தேர்வு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு இடைவெளி நீள வேண்டும் என்பது அவர்கள் கண்டது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒரு நாள் இடைவெளி போதும். ஒரு வருடம் தள்ளித் தேர்வு என்றால் மூன்று வாரம்போல. அவர்கள் சோதித்தது பொது அறிவுத் தகவல்களை, வேதியியல் கணக்குகளை அல்ல. ஆகவே அந்த நாள் கணக்கை அப்படியே சட்டமாகப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் ஜூலையில் நடத்தியது மார்ச்சில் வேண்டும் என்றால் மறுநாள் கேட்டு விட்டுவிடுவது போதாது என்பது தெளிவு.

கலவைக் கேள்வியைத்தான் இப்போது நான் வைத்திருக்கிறேன். காரணம் இடைவெளி மட்டும் இல்லை, கலப்பதும்தான். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. இடைவெளி மறதியை எதிர்த்து நிற்கிறது. கலப்பு, ஒன்று போலத் தெரியும் இரண்டைப் பிரித்தறியப் பழக்குகிறது. ஃப்ளோரிடாவில் ஏழாம் வகுப்புக் கணித மாணவர்களிடம் ரோரர் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஒரே மாதிரிக் கணக்குகளைச் சேர்த்துச் செய்தவர்களையும் கலந்து செய்தவர்களையும் மறுநாள் சோதித்தபோது முன்னவர்கள் 64 சதவீதம், கலந்து செய்தவர்கள் 80. ஒரு மாதம் கழித்து 42-ம் 74-ம். நாள் தள்ளத் தள்ள வித்தியாசம் கூடியிருக்கிறது. அது கணிதம், ஏழாம் வகுப்பு. ஆனாலும் நம் pH கணக்குகளின் நோய் அதே நோய்தான்: சமன்பாடு தெரியும், எப்போது அது என்று தெரியாது.

நவம்பர் முதல் வாரம் நான் கரும்பலகையில் எழுதிய ஒரு கலவைத் தாளை அப்படியே தருகிறேன். அப்போது மின் வேதியியல் ஓடிக்கொண்டிருந்தது.

1. 0.01 M KCl கரைசலின் κ = 1.41 × 10⁻³ S cm⁻¹. மோலார் கடத்துத்திறன்?
2. 100 mL 0.1 M CH₃COOH + 50 mL 0.1 M NaOH. pH கண்டறிய வழி? (pKa = 4.74)
3. [CoF₆]³⁻, [Co(NH₃)₆]³⁺ இரண்டில் எது பாரா காந்தத்தன்மை உடையது? தனித்த எலக்ட்ரான் எத்தனை?
4. 100 mL 0.1 M HCl + 50 mL 0.1 M NaOH. pH கண்டறிய வழி?
5. பூஜ்ய வகை வினை, தொடக்கச் செறிவு 0.8 M, k = 0.02 mol L⁻¹ min⁻¹. 40 நிமிடத்தில் மீதம் எவ்வளவு?

இரண்டாவதும் நான்காவதும் வேண்டுமென்றே இரட்டைப் பிள்ளைகள்போல வைத்தவை, ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவில்லை. பக்கத்தில் வைத்தால் "ஏதோ வித்தியாசம் இருக்கிறது" என்று பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். இரண்டாவதில் 10 மில்லிமோல் அமிலத்தில் 5 நடுநிலையாகி, 5 அமிலமும் 5 அசிட்டேட்டும் மிஞ்சும்; அமிலமும் உப்பும் சமம், ஆகவே pH = pKa = 4.74. நான்காவதில் மிஞ்சுவது 5 மில்லிமோல் HCl, 150 mL-ல், செறிவு 0.033 M, pH ஏறத்தாழ 1.48. "வழி" என்று மட்டும் கேட்டதற்குக் காரணம் உண்டு. என்ன மிஞ்சுகிறது, எந்தச் சமன்பாடு, எண்களை எங்கே போடுவது என்பதோடு நிறுத்தச் சொல்வேன். மடக்கை அட்டவணையைப் புரட்ட ஆரம்பித்தால் ஒரு கணக்குக்கே ஆறு நிமிடம் போய்விடும். நான் பார்க்க விரும்புவது அவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை. பெருக்கல் வகுத்தலை யூனிட் டெஸ்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது கேள்வியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் அரை ஆயுட்காலம் 20 நிமிடம் என்று சரியாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு 20 நிமிடத்தில் 0.4, 40 நிமிடத்தில் 0.2 என்று எழுதிவிட்டார்கள். அப்படிப் பாதி பாதியாகக் குறைவது முதல் வகை வினையில். பூஜ்ய வகையில் நிமிடத்துக்கு 0.02 என்று ஒரே வேகத்தில் கரைந்துகொண்டே போகும். 40 நிமிடத்தில் 0.8-ம் தீர்ந்துவிடும், மீதம் பூஜ்யம். வினை வேகவியல் நடத்திய வாரத்தில் இதே கணக்கை அவர்கள் தப்பில்லாமல் செய்தவர்கள். அன்று பலகையில் "பூஜ்ய வகை வினைகள்" என்று பெரிதாக எழுதியிருந்தது.

எழுத ஏழு நிமிடம், விடை பார்க்க ஐந்து நிமிடம். புத்தகமும் நோட்டும் பைக்குள் போக வேண்டும். முடிந்ததும் பச்சைப் பேனா எடுத்து அவரவர் விடையை அவரவரே திருத்துவார்கள். விடையை அன்றே, அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். மணி அடித்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்றால் தவறான விடையோடு பிள்ளை வீட்டுக்குப் போகிறது. ஒரு மார்க் மாதிரி நான்கு விடை கொடுத்துக் கேட்பதில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தவறான மூன்று விடைகளையும் அவர்கள் படிக்கிறார்கள், அதில் ஒன்றை நம்பித் தேர்ந்தெடுக்கிறார்கள், திருத்தம் வராவிட்டால் அதையே உண்மையென்று நினைவில் வைக்கிறார்கள். அதனால் கலவைத் தாளில் நான் விடைகளைக் கொடுப்பதில்லை. ஒரு சொல், ஒரு சமன்பாடு, ஒரு எண், எதுவானாலும் அவர்களே எழுத வேண்டும். ஒன் வேர்ட் பயிற்சிக்கு ரிவிஷன் காலம் இருக்கிறது.

பக்கத்துப் பையனிடம் மாற்றித் திருத்தும் முறையையும் முதலில் வைத்திருந்தேன். இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டேன். தெரியாததைக் காலியாக விட வேண்டிய பிள்ளை, நண்பன் பார்ப்பானே என்று எதையாவது நிரப்பி வைக்கிறது. காலியிடம்தான் எனக்கு வேண்டிய தகவல்.

மார்க் ஏற்றாமல் இருப்பது பற்றி ஆசிரியர் அறையில் வாக்குவாதம் வரும்: மார்க் இல்லை என்றால் யார் படிப்பார்கள்? ஒரு வருடம் இந்தக் குட்டிச் சோதனைகளின் மார்க்கைப் பதிவேட்டில் ஏற்றி, பெற்றோர் கூட்டத்திலும் காட்டினேன். அடுத்த மாதத்திலிருந்து விடைகள் அழகாக வர ஆரம்பித்தன. நான்கு பேர் ஒரே இடத்தில் ஒரே அடித்தல் திருத்தலோடு [CoF₆]³⁻-க்கு விடை எழுதியிருந்ததைப் பார்த்ததும் புரிந்தது. முதல் பிரிவுக்குக் கேட்ட கேள்வி இடைவேளையில் இரண்டாம் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த மார்க்கை வைத்து எதை மறுபடி நடத்துவது என்று முடிவு செய்ய முடியாது. அது வகுப்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பதிவேட்டிலிருந்து எடுத்தேன். இரண்டு மூன்று வாரம் சிலர் அக்கறையில்லாமல் எழுதினார்கள், உண்மை. மாத யூனிட் டெஸ்ட்டில் இதே வகைக் கேள்விகள் வருகின்றன என்று அவர்களே கண்ட பிறகு அது சரியானது.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று: "மூணாவது தப்பானவங்க கை தூக்குங்க." எண்ணி, என் குறிப்பேட்டில் அந்தக் கேள்விக்கு நேரே எழுதிக்கொள்வேன். பாதிக்கு மேல் தவறு என்றால் அந்தக் கருத்து அடுத்த வாரமே வேறு எண்களோடு திரும்பும். பாதிக்குக் கீழே என்றால் மூன்று வாரம். அப்போதும் நன்றாக வந்தால் ஆறு ஏழு வாரம். ஒவ்வொரு பாடத்துக்கும் பன்னிரண்டு கேள்விக்கு மேல் இந்தச் சுற்றில் விடுவதில்லை. 15 பாடத்துக்கு அதுவே 180; வாரத்துக்குப் பத்துக் கேள்வி என்ற கணக்கில் அதற்கு மேல் போட்டால் எதுவும் இரண்டாம் முறை திரும்பி வராது. பன்னிரண்டில் எதைச் சேர்ப்பது என்பதற்கு என் அளவுகோல், இது வேறு எதனோடு குழம்பும் என்பதே. ஆல்டாலும் கேனிசரோவும் குழம்பும்; அசிட்டால்டிஹைடையும் பென்சால்டிஹைடையும் வெவ்வேறு வாரங்களில் கேட்டால் α-ஹைட்ரஜனைத் தேடும் பழக்கம் வருகிறது. உலோகவியலில் மிதத்தல் முறையின் விளக்கம் எதனோடும் குழம்பாது, அதை வீட்டில் படித்துக்கொள்ளட்டும்.

கைதூக்குவதில் பொய் வராதா என்றால், வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்து நோட்டை மட்டும் வாங்கிப் பார்ப்பேன். பச்சை மையே இல்லாத நோட்டு என்றால், ஒன்று பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், இல்லை விடையைப் பார்த்தபின் நீல மையில் எழுதியிருக்க வேண்டும். எது என்று அடுத்த கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். இன்னொரு அறிகுறியையும் கவனிக்க வேண்டும். ஒரே பழைய பாடத்தின் கேள்வியை எப்போதும் மூன்றாவது இடத்தில் வைத்தால் மாதத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "மூணாவது எப்பவும் அணைவு" என்று ஒருவன் சொல்லக் கேட்டிருக்கிறேன். வரிசையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வழிக்கு எல்லைகள் உண்டு. புதிதாக ஒன்றை நடத்திய அன்றே கலக்கக் கூடாது. ஹென்டர்சனை முதன்முதலில் பார்க்கும் பிள்ளைக்கு அதே மாதிரி இரண்டு மூன்று கணக்கு தொடர்ந்து வேண்டும். கை பழகாமல் கலந்தால் எதுவும் பிடிபடாது. அதேபோல வகுப்பில் பாதிப் பேர் ஐந்தில் இரண்டைக்கூடத் தொட முடியவில்லை என்றால் அது நினைவுகூர்தல் இல்லை, தெரியாததைக் கேட்பது. பதினொன்றாம் வகுப்பில் மோல் கருத்தே சரியாக விழாத பிள்ளைகள் உள்ள பிரிவில் எனக்கு அப்படி நேர்ந்தது. மில்லிமோல் கணக்கை இரண்டு பீரியட் மறுபடி நடத்திவிட்டுத்தான் அங்கே தொடர முடிந்தது. சராசரியாக ஐந்தில் மூன்று அல்லது நான்கு சரியாக வரும் அளவில் தாள் இருந்தால் சரியான இடம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஐந்துக்கு ஐந்து எல்லோருக்கும் வந்தால் இடைவெளி போதவில்லை.

இன்னொன்று, முதல் ஆறு வாரம் மார்க் இறங்குவதுபோலத் தெரியும். தலைப்பு வாரியாகப் பயிற்சி கொடுக்கும் பக்கத்துப் பிரிவின் வார டெஸ்ட் மார்க் உங்களுடையதைவிடக் கூடுதலாக இருக்கும். தலைமை ஆசிரியர் கேட்பார். காலாண்டில், அதைவிட அரையாண்டில் பழைய பாடக் கேள்விகளின் விடைகளை மட்டும் தனியாக எண்ணி ஒப்பிட்டால்தான் பதில் சொல்ல முடியும். ஆகவே ஜூனிலேயே அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

கைப்பேசிச் செயலியிலோ அச்சடித்த தாளிலோ வைக்கலாமா என்றும் சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வகுப்பில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை, வாரம் நூறு தாள் அச்சடிக்க யாரும் பணம் தரப் போவதில்லை. கரும்பலகையும் டெஸ்ட் நோட்டும் போதும்.

ஆக என் தேர்வு இது. செவ்வாயும் வெள்ளியும் கலவைக் கேள்வி, பன்னிரண்டு நிமிடம். அதன் ஒரு கேள்வி மட்டும் முந்தைய நாள் நடத்தியதிலிருந்து. தினக் கேள்வியில் பயனுள்ளது அந்த ஒன்றில் அடங்கிவிடுகிறது. யூனிட் டெஸ்ட்டை மாதம் ஒன்றாகக் குறைத்து, அதிலும் கால்வாசி மார்க்குக்குப் பழைய பாடம். வாரத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் போன இடத்தில் இப்போது இருபத்து நான்கு, மாதத்துக்கு ஒரு பீரியட் கூட. திருத்தும் நேரம் வாரம் இரண்டு மணியிலிருந்து மாதம் இரண்டு மணியானது. ஒரே பிரிவு, வேகமான பிள்ளைகள், பெரிய விடை எழுதுவதில் மட்டுமே குறை என்று இருக்கும் ஆசிரியருக்கு வார யூனிட் டெஸ்ட்டே பொருந்தலாம். என் வகுப்புகள் அப்படி இல்லை.

இந்த வருடம் நடுவிலேயே தொடங்க நினைப்பவர்கள் அயனிச் சமநிலையிலிருந்து தொடங்கலாம். 100 mL 0.1 M அசிட்டிக் அமிலம் என்ற ஒரே தொடக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் எதுவும் சேர்க்காமல் கேளுங்கள். வலிமை குறைந்த அமிலம், pH 2.87. பிறகு ஒரு வாரம் 50 mL 0.1 M NaOH சேர்த்து, தாங்கல் கரைசல், 4.74. இன்னொரு வாரம் 100 mL சேர்த்து. அப்போது அமிலமே மிஞ்சாது, 0.05 M சோடியம் அசிட்டேட்டின் நீராற்பகுப்பு, 8.72. கடைசியாக 150 mL சேர்த்து. மிஞ்சுவது 5 மில்லிமோல் NaOH, மொத்தம் 250 mL, 0.02 M, pH 12.3. நான்குக்கும் நடுவே HCl கணக்கை எங்காவது ஒரு வாரம் சொல்லாமல் வையுங்கள். யார் pKa கேட்கிறார்கள் என்று பாருங்கள்.